499-லிருந்து 699: இலவச டெலிவரி வரம்பு உயர்ந்தால் யார் கூடுதலாக வாங்குகிறார்கள்?

"இன்னும் 52 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்." இணையத்தில் பொருள் வாங்கும் யாரும் இந்த வரியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அறுபது ரூபாய் டெலிவரிக்குக் கொடுக்க மனம் வராது. அதே பணத்துக்கு ஒரு பொடி பாக்கெட்டோ சோப்போ சேர்த்துவிட்டால் கையில் ஒரு பொருளாவது இருக்கும் என்று தோன்றும். தேடிப்பிடித்து ஒன்றைச் சேர்த்துவிடுவோம்.

இப்படி நடக்கிறது என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவில் அமேசான் 2002 ஜனவரியில் 99 டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று தொடங்கி, அதே ஆண்டுக்குள் வரம்பை 49 ஆகவும் பிறகு 25 ஆகவும் இறக்கியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 2013 அக்டோபரில் அதை 35 ஆக்கியது. 2016 பிப்ரவரியில் 49 ஆக்கியது. அடுத்த பிப்ரவரியில் மறுபடி 35, அந்த ஆண்டு மே மாதம் மறுபடி 25. ஏற்றியதைப் பதினைந்தே மாதத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

வரம்பை மாற்றிய ஒரு கடை, அதனால் என்ன ஆனது என்பதைத் தன் ஆர்டர் பட்டியலை வைத்தே கண்டுபிடிக்க முடியும். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது ஓர் ஆர்டரின் சராசரி மதிப்பை. அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் அது நம்மை ஏமாற்றிவிடும். எப்படி என்பதை ஒரு கணக்கு வழியாகவே பார்ப்போம்.

மசாலாப் பொடி, தொக்கு, அப்பளம் விற்கும் ஒரு சிறிய இணையக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. 499 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம், அதற்குக் கீழே என்றால் 60 ரூபாய் என்பது பழைய விதி. கூரியருக்கு ஆகும் செலவும் அதே 60 ரூபாய்தான். கடைக்காரர் வரம்பை 699 ஆக உயர்த்துகிறார். மாற்றத்துக்கு முந்தைய நான்கு வாரங்களிலும் பிந்தைய நான்கு வாரங்களிலும் தளத்துக்கு வந்து போனவர்களின் எண்ணிக்கை ஒன்றே: 20,000.

முந்தைய நான்கு வாரங்களில் 1,000 ஆர்டர்கள், விற்பனை 5,73,700 ரூபாய், சராசரி 574 ரூபாய். பிந்தைய நான்கு வாரங்களில் சராசரி 593 ரூபாய். "ஆர்டருக்கு 19 ரூபாய் கூடிவிட்டது, திட்டம் பலித்துவிட்டது" என்று கடைக்காரர் மகிழ்ந்துபோகலாம். ஆனால் அந்த 593 வந்தது 900 ஆர்டர்களிலிருந்து. மொத்த விற்பனை 5,33,250 ரூபாய். நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது. சராசரி ஏறியிருக்கும்போதே விற்பனை இறங்கியிருக்கிறது.

சராசரி என்பது வாங்கியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. வாங்காமல் போனவர் அதில் இடம்பெறவே மாட்டார். இதை இன்னும் அப்பட்டமாகப் பார்க்கலாம். இந்தக் கடையில் 300 ரூபாய் அளவிலான சின்ன ஆர்டர்களில் நூறு நின்றுவிட்டன, மற்ற யாரும் ஒரு பைசாவுக்குக்கூடக் கூடுதலாக வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள 900 ஆர்டர்களின் சராசரி 604 ரூபாய்க்கு ஏறிவிடும். ஒருவரும் எதையும் சேர்க்காமலேயே சராசரி 30 ரூபாய் உயர்ந்துவிடுகிறது. வகுப்பில் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைத் தேர்வுக்கு வராமல் நிறுத்திவிட்டால் வகுப்புச் சராசரி ஏறுவது போலத்தான் இதுவும். ஆகவே வரம்பை உயர்த்திய பிறகு சராசரி ஏறியது என்பதை மட்டும் வைத்து, மக்கள் கூடுதலாக வாங்கினார்கள் என்று சொல்லவே கூடாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஆர்டர்களை மதிப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை விழுந்தன என்று எண்ண வேண்டும். நம் கடையில் அது இப்படி வருகிறது:

| ஆர்டர் மதிப்பு (ரூ.) | முன்பு | பின்பு |
|---|---|---|
| 399-க்குக் கீழ் | 300 | 300 |
| 399 – 498 | 50 | 90 |
| 499 – 598 | 300 | 110 |
| 599 – 698 | 120 | 60 |
| 699 – 798 | 80 | 190 |
| 799-க்கு மேல் | 150 | 150 |

முதலில் "முன்பு" என்ற வரிசையை மட்டும் பாருங்கள். 499-க்குச் சற்று மேலே 300 ஆர்டர்கள் குவிந்து கிடக்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே வெறும் 50. இயல்பாக வாங்குகிறவர்களின் தொகை இப்படி ஓர் இடத்தில் பள்ளமும் அடுத்த இடத்தில் மேடுமாக அமையாது. 450 ரூபாய்க்கு எடுத்து வைத்தவர்கள் ஒரு பொருளைச் சேர்த்து 499-ஐத் தாண்டியிருக்கிறார்கள் என்பதன் தடயம் இது.

பொருளாதார அறிஞர்கள் இதே தடயத்தை வரிக் கணக்குகளில் தேடுகிறார்கள். வரி விகிதம் மாறும் வருமானப் புள்ளிகளில் மக்கள் குவிகிறார்களா என்று அமெரிக்க வரிப் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்து, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் சாயஸ் 2010-இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறைக்குப் பெயர்பெற்றது. தங்கள் வருமானத்தைத் தாங்களே அறிவிக்கும் சுயதொழில் செய்வோரிடம் அந்தக் குவியல் தெளிவாகத் தெரிந்தது. கூடையில் எதைச் சேர்ப்பது என்று கடைசி நொடியில் முடிவு செய்யும் நம்மிடமும் அது தெளிவாகவே தெரியும்.

ஆனால் ஒரு காலத்துப் பட்டியலில் மேடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்தக் கடையில் 499 ரூபாய்க்கு ஒரு பரிசுப் பெட்டி நன்றாக விற்கிறது என்றால் அதுவும் அங்கே மேட்டை உண்டாக்கும். வரம்பு நகர்ந்த தேதி இங்கேதான் உதவுகிறது. மேடு வரம்பால் உண்டானது என்றால், வரம்பு 699-க்குப் போனதும் பழைய இடத்தில் கரைந்து புதிய இடத்தில் எழ வேண்டும். பரிசுப் பெட்டியால் உண்டானது என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். நம் பட்டியலில் 499–598 பிரிவு 300-லிருந்து 110-க்கு விழுந்திருக்கிறது. 699–798 பிரிவு 80-லிருந்து 190-க்கு எழுந்திருக்கிறது. இரண்டு வரம்புகளுக்கும் அப்பால், 399-க்குக் கீழும் 799-க்கு மேலும் அசைவே இல்லை. வரம்பால் பாதிக்கப்பட வாய்ப்பில்லாத பிரிவுகள் அசையாமல் இருப்பது, நடுவில் நடந்தது வரம்பின் வேலைதான் என்ற நம்பிக்கையை வலுவாக்குகிறது. 1,200 ரூபாய்க்கு வாங்குகிறவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்து மாறியிருந்தால், வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி நடுப்பகுதியைக் கணக்கிடுவோம். 499-க்கும் 698-க்கும் இடையில் முன்பு 420 ஆர்டர்கள் இருந்தன, இப்போது 170. அதாவது 250 ஆர்டர்கள் இடத்தைக் காலி செய்திருக்கின்றன. புதிய வரம்புக்கு மேலே 110 கூடியிருக்கிறது. இவர்கள் சேர்த்து வாங்கியவர்கள். 499-க்குக் கீழே 40 கூடியிருக்கிறது. முன்பு 499-ஐத் தொடுவதற்காக ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். 699 எட்டாத உயரம் என்று தெரிந்ததும் சேர்ப்பதை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிட்டார்கள். மீதி 100 பேர் வாங்கவே இல்லை. இந்த மூன்று கூட்டத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் சோதனையின் உயிர். சராசரி இவை மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறது.

இந்தப் பிரிவினை பட்டியலின் வடிவத்திலிருந்து ஊகித்தது என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக 699-க்கு மேல் வந்த 110 பேரில் சிலர் முன்பு 450 ரூபாய்க்கு வாங்கியவர்களாகவும் இருக்கலாம். உறுதி செய்ய வேண்டுமென்றால் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையோ கணக்கு எண்ணையோ வைத்து, அதே ஆள் முன்பு எவ்வளவுக்கு வாங்கினார், பின்பு எவ்வளவுக்கு வாங்கினார் என்று கோர்த்துப் பார்க்க வேண்டும்.

பட்டியலைத் தயாரிக்கும்போதே கால் இடறும் இடங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, எந்தத் தொகையை எடுப்பது என்பது. ஆர்டர் பட்டியலில் கடைசியாக இருக்கும் "மொத்தம்" என்ற தொகையில் பெரும்பாலும் டெலிவரிக் கட்டணமும் சேர்ந்திருக்கும். 445 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 60 ரூபாய் கட்டணம் கட்டியவரின் மொத்தம் 505. அதை அப்படியே எடுத்தால், வரம்பைத் தொடாதவர் வரம்பைத் தாண்டியவராக உட்கார்ந்துவிடுவார். 439-லிருந்து 498 வரை உள்ள அத்தனை பேரும் இப்படி ஏறிப்போய், 499-க்கு மேலே இல்லாத மேட்டை உண்டாக்குவார்கள். நாம் தேடும் தடயத்தை நாமே பொய்யாகப் படைத்துவிடும் தவறு இது. தளம் வரம்போடு ஒப்பிடும் தொகை எதுவோ, அதே தொகைதான் வேண்டும். கூப்பன் தள்ளுபடி கழித்த பிறகு ஒப்பிடுகிறதா, கழிப்பதற்கு முன்பா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிரிவுகளின் எல்லை. எக்செல்லில் நூறு நூறாகப் பிரிக்கலாம் என்று சாதாரணமாகப் போட்டால் 400–499, 500–599 என்று பிரியும். அப்போது சரியாக 499 ரூபாய்க்கு வாங்கியவர், இலவச டெலிவரி பெற்றவராக இருந்தும், வரம்புக்குக் கீழே உள்ள பிரிவில் விழுவார். எல்லையை வரம்போடு பொருத்த வேண்டும். பொருள்களின் மதிப்பு B பத்தியில் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=FLOOR(B2+1,100)-1
```

499-லிருந்து 598 வரை உள்ள எல்லாமே 499 என்ற பிரிவுக்கும், 699-லிருந்து 798 வரை உள்ளவை 699 என்ற பிரிவுக்கும் போய்ச் சேரும். பிறகு பிவட் டேபிளில் எண்ணிக்கையை எடுத்துவிடலாம். ஆர்டர்கள் நிறைய இருந்தால் நூறுக்குப் பதில் ஐம்பது என்று வைத்துக்கொண்டால் மேடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

காலம் பற்றிய சிக்கல் இதைவிடக் கடினமானது. வரம்பு மாறிய அதே நேரத்தில் தீபாவளி வந்தால், கூடை பெருத்தது வரம்பாலா பண்டிகையாலா? சம்பள நாள் ஒரு காலத்தில் விழுந்து இன்னொன்றில் விழாமல் போனால்? ஆகவே ஒரே அளவான முழு வாரங்களை எடுக்க வேண்டும், முந்தைய ஆண்டின் அதே வாரங்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். "திங்கள் முதல் வரம்பு உயர்கிறது" என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் கடைசி நாட்களில் ஒரு முண்டியடிப்பும், அதன்பின் ஒரு வறட்சியும் இருக்கும். அந்த நாட்களை இரு பக்கமும் விட்டுவிட வேண்டும்.

இதைவிட நல்ல வழி, வரம்பு தொடாத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இணையத்தில் ஆர்டர் செய்துவிட்டுக் கடைக்கே வந்து எடுத்துக்கொள்கிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு டெலிவரிக் கட்டணமே கிடையாது. அவர்களின் ஆர்டர்களும் அதே வாரங்களில் நூற்றுக்கு 4 குறைந்திருந்தால், நம் கடையின் 10 சதவீத வீழ்ச்சியில் 4 பருவத்தின் பங்கு, 6 தான் வரம்பின் பங்கு என்று கொள்ளலாம். சந்தா கட்டி எப்போதும் இலவசமாகப் பெறுகிறவர்களையும் இப்படி ஒப்பிடலாம். ஆனால் அமேசான் பிரைம் போன்ற சந்தாவில் ஓர் ஓட்டை உண்டு. வரம்பு ஏறியதால் எரிச்சலடைந்த ஒருவர் சந்தாவில் சேர்ந்துவிட்டால், ஒரு கூட்டத்திலிருந்து குறைந்து மறு கூட்டத்தில் கூடிவிடுவார். இரண்டையும் ஒப்பிட்டால் வரம்பின் விளைவு இரட்டிப்பாகத் தெரியும். ஆளைக் கோர்த்துப் பார்த்து, மாற்றத்துக்கு முன்பே சந்தாவில் இருந்தவர்களை மட்டும் எடுப்பதே சரி.

நான்கு வாரக் கணக்கு மறைக்கும் இன்னொன்றும் உண்டு. மாதம் மூன்று முறை 500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தவர், வரம்பு ஏறியதும் மாதம் இரண்டு முறை 750 ரூபாய்க்கு வாங்கத் தொடங்குகிறார். கூடை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. மாதச் செலவோ முன்பும் 1,500, இப்போதும் 1,500. கடைக்குக் கிடைத்தது ஒரு டெலிவரியின் மிச்சம். அது உண்மையான லாபம்தான், ஆனால் கூடுதல் விற்பனை அன்று. அதேபோல, நம் கணக்கில் காணாமல் போன 100 ஆர்டர்களில் சில, பட்டியல் சேர்த்து வைத்து அடுத்த மாதம் வாங்கக் காத்திருப்பவர்களுடையதாக இருக்கலாம். மளிகை, பொடி போன்று திரும்பத் திரும்ப வாங்கும் பொருள்களுக்கு மூன்று மாதக் கணக்கை, வாடிக்கையாளர் ஒருவருக்கு எவ்வளவு என்று எடுப்பதுதான் நியாயமான அளவு. திருப்பி அனுப்பும் கால அவகாசம் முடியும்வரை பொறுத்திருப்பதும் அவசியம். துணிக் கடைகளில், வரம்பைத் தொடுவதற்காக ஒன்றைச் சேர்த்து வாங்கிவிட்டு அதை மட்டும் திருப்பி அனுப்புவது வழக்கமான வேலை.

கடைசியில் கேள்வி பணத்துக்கு வர வேண்டும். நம் கடையில் முன்பு 650 ஆர்டர்களுக்கு இலவச டெலிவரி. கூரியர் செலவு 39,000 ரூபாய் கடைக்காரர் கையிலிருந்து போனது. இப்போது 340 ஆர்டர்களுக்கு மட்டும்; 20,400 ரூபாய். மிச்சம் 18,600. எதிர்ப்பக்கம் விற்பனை 40,450 ரூபாய் குறைந்திருக்கிறது. பொருளில் கிடைக்கும் லாபம் நூற்றுக்கு 30 என்றால், அந்த விற்பனை போனதால் இழந்தது சுமார் 12,100 ரூபாய். மிச்சம் அதைவிட அதிகம், கடைக்காரருக்கு 6,500 ரூபாய் அளவில் ஆதாயம். லாபம் நூற்றுக்கு 50 என்றால் இழந்தது 20,225 ரூபாய், வரம்பை உயர்த்தியது நஷ்டம். நூற்றுக்கு 46 என்ற இடத்தில் தராசு சமமாக நிற்கிறது. ஒரே வாடிக்கையாளர்கள், ஒரே நடத்தை. ஆனாலும் குறைந்த லாபத்தில் அரிசி, எண்ணெய் விற்கிறவருக்குச் சரியான முடிவு, அதிக லாபத்தில் அழகுப் பொருள் விற்கிறவருக்குத் தவறாகிவிடும்.

நிஜக் கடையின் தரவிலும் இந்த முரண் தெரிந்திருக்கிறது. மைக்கேல் லூயிஸ், விஷால் சிங், ஸ்காட் ஃபே மூவரும் 2006-இல் "மார்க்கெட்டிங் சயின்ஸ்" ஆய்விதழில் எழுதிய கட்டுரை, வெவ்வேறு டெலிவரிக் கட்டண முறைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த ஓர் இணையக் கடையின் ஆர்டர்களை ஆராய்ந்தது. இலவச டெலிவரியும், வரம்புக்கு மேல் இலவசம் என்பதும் விற்பனையை நன்றாகவே கூட்டின. ஆனால் கைவிட்ட கட்டணத்தையும் கணக்கில் சேர்த்தபோது அவை அந்தக் கடைக்கு லாபமாக அமையவில்லை.

நம் கணக்கில் ஆதாயம் என்று வந்த 6,500 ரூபாயையும் அப்படியே நம்பிவிட முடியாது. போன 100 ஆர்டர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் வேறு கடைக்குப் பழகிவிட்டால், இழப்பு அடுத்தடுத்த மாதங்களிலும் தொடரும், நான்கு வாரப் பட்டியலில் அது தெரியாது. அவர்களில் முதல்முறை வாங்க வந்தவர்கள் எத்தனை என்று பார்ப்பது முக்கியம். புதியவர் பெரும்பாலும் கடையைச் சோதித்துப் பார்க்கச் சின்ன அளவில் வாங்குவார். உயர்ந்த வரம்பு அவரைத்தான் முதலில் திருப்பி அனுப்பும்.

வரம்பை மாற்றப்போகும் சிறு வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றும் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அந்த வாரங்களில் விலையையோ கூப்பனையோ விளம்பரத்தையோ கூடவே மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒவ்வோர் ஆர்டரிலும் பொருள் மதிப்பு, தள்ளுபடி, டெலிவரிக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். தளத்துக்கு வந்து வாங்காமல் போனவர்களின் எண்ணிக்கையையும் சேமித்து வையுங்கள். மாற்றத்துக்கு முந்தைய பதிவு இல்லையென்றால் பிந்தைய பதிவை எதனோடும் ஒப்பிட முடியாது.